இரண்டு நட்சத்திரமும் ஐந்து வசனங்களும்

என் உம்மா வீட்டில் கேக் செய்து விற்கிறார். கூகுள் மேப்ஸில் எங்கள் கடைக்கும் ஒரு பக்கம் உண்டு. கடந்த சித்திரை மாதம் ஓரிரவு அதில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு நட்சத்திரம் மட்டும் கொடுத்து இப்படி எழுதியிருந்தார்: "பிறந்தநாள் கேக் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது. ஐசிங் உருகி எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. கேக்கும் பழசு மாதிரி இருந்தது."

ராத்தாவுக்குக் கோபம் தாங்கவில்லை. உடனே கைபேசியில் எழுதத் தொடங்கினார்: "நீங்கள்தான் இரண்டு தடவை நேரத்தை மாற்றினீர்கள். வீட்டுக்கு வழியும் சரியாகச் சொல்லவில்லை. மீதிக் காசையும் இன்னும் தரவில்லை. கேக் அன்று காலையில் செய்தது. இதுவரை ஒருவரும் எங்களைக் குறை சொன்னதில்லை."

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் உம்மா அனுப்ப விடவில்லை. "இதை அவ மட்டுமா வாசிப்பா? நாளைக்கு கேக் ஓடர் பண்ண வாற ஆளும் வாசிக்கும்தானே" என்றார்.

எனக்கு விஷயம் விளங்கியது அப்போதுதான். பதில், விமர்சனத்துக்குக் கீழே கடையின் பெயரில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கிறது. அதனால் நட்சத்திரம் ஒன்றும் கூடாது. வாசிக்கும் அந்நியருக்கு யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வழியும் இல்லை. தனக்கும் இப்படி நடந்தால் இந்தக் கடை என்ன செய்யும் என்பதையே அவர் பார்ப்பார். மீதிக் காசுக் கதையை வாசிப்பவர், நாளை தன் கணக்கும் இப்படிச் சந்திக்கு வரும் என்றுதான் நினைப்பார்.

மறுநாள் காலை ஓடர் கொப்பியைப் பார்த்தோம். கடைசியாக ஒப்புக்கொண்ட நேரம் பின்னேரம் மூன்று மணி. கேக் வீட்டை விட்டு வெளிக்கிட்டதே மூன்று பத்துக்கு. அவர் முன்பு எத்தனை தடவை நேரத்தை மாற்றியிருந்தாலும், பிந்தியது நாங்கள்தான். பட்டர் ஐசிங் முப்பது பாகை வெயிலிலேயே இளகத் தொடங்கிவிடும். நாங்களோ அதை வெறும் அட்டைப் பெட்டியில் வைத்து முச்சக்கர வண்டியில் அனுப்பியிருந்தோம்.

பிறகு நான் ஒரு பதில் எழுதினேன். "தாமதம் ஏற்பட்டது. உங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும்." பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஏற்பட்டது" என்றால் பிந்தியவர் யாருமில்லை, தாமதம் தானாக வந்தது போலாகிவிடுகிறது. "இருந்தால்" என்பது அதைவிட மோசம். மனவருத்தம் என்று அவர் எழுதியே விட்டார், அதற்குப் பிறகும் நாம் சந்தேகப்படுகிறோம். தமிழில் மன்னிப்புக் கேட்கும்போது இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்தோ தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. (எங்கள் வகுப்பு மன்னிப்புக் கடிதங்களிலும்தான்!)

கடைசியில் போட்டது இது:

"எழுதியதற்கு நன்றி. கேக்கைப் பிந்தி அனுப்பியதற்கும், ஐசிங் உருகி எழுத்து அழிந்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறோம். வெயில் நேரத்தில் ஐஸ் பெட்டி இல்லாமல் அனுப்பியது எங்கள் பிழை, இனி அப்படி அனுப்பமாட்டோம். கேக்கின் பதம் பற்றி நீங்கள் சொன்னதை உங்களிடமே கேட்டறிய விரும்புகிறோம். கடை இலக்கத்துக்கு ஓர் அழைப்புத் தருவீர்களா?"

ஐந்தே வசனங்கள். "ஆனால்" என்ற சொல் எங்கும் இல்லை. அது வந்தால் அதற்கு முன் கேட்ட மன்னிப்பு செல்லாமல் போய்விடும்.

"கேக்கு பழசு எண்டது பொய்தானே உம்மா, அதையாவது சொல்ல வேணாமா?" என்று ராத்தா விடவில்லை. "காலையில் செய்தது" என்று ஒரு வசனம் சேர்த்திருக்கலாம். எனினும் மறுத்துவிட்டால் அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. இரண்டு நாள் கழித்து அவர் அழைத்தார். ஐசிங் உருகியதைக் கண்டதும் கேக்கைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். இரவு அதை எடுத்த எடுப்பிலேயே வெட்டியிருக்கிறார். குளிரில் பட்டர் இறுகிவிடுவதால் பட்டர் கேக் காய்ந்து பழசானது போலத்தான் வாயில் தெரியும். வெளியே ஒரு மணித்தியாலம் வைத்தால் மறுபடி மிருதுவாகிவிடும். அது அவருக்குத் தெரியவில்லை, நாங்களும் சொல்லியிருக்கவில்லை.

உம்மா மீதிக் காசை வேண்டாமென்றார். விமர்சனத்தை அழிக்கும்படியோ நட்சத்திரத்தைக் கூட்டும்படியோ கேட்கவில்லை. காசோ பொருளோ கொடுத்து விமர்சனத்தை மாற்றச் சொல்வதை கூகுள் தடுத்திருக்கிறது. அது ஒருபுறமிருக்க, அப்படிக் கேட்டிருந்தால் முதலில் கேட்ட மன்னிப்பே விலை பேசியது போலாகியிருக்கும்.

எல்லா விமர்சனத்துக்கும் இந்த முறை பொருந்தாது. நம்மிடம் எதையும் வாங்காதவர் எழுதியதாக இருந்தாலோ, வசைச் சொற்கள் இருந்தாலோ கூகுளிடம் முறையிடலாம். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர்கள் நீக்கமாட்டார்கள்.

அந்த இரண்டு நட்சத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு கேக் பெட்டியிலும் என் கையெழுத்தில் ஒரு சிறு துண்டு போகிறது: "குளிரில் வைத்தால், வெட்ட ஒரு மணித்தியாலம் முன் வெளியே எடுங்கள்."