ஃபீஸை மொத்தமா அனுப்பலாமா, மாசாமாசம் பிரிச்சு அனுப்பலாமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரக் கேள்வி சின்னமனூர்ல இருந்து வந்திருக்கு. மேகமலை அடிவாரத்துல வீடு, மேல ஏலக்காய்த் தோட்டம். பையனுக்கு வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்கு, ஃபீஸ் டாலர்ல கட்டணும். "மொத்தப் பணமும் கையில இருக்கு. இன்னைக்கே அனுப்பிடட்டுமா, இல்ல ரேட் குறையட்டும்னு காத்திருக்கட்டுமா?"ன்னு அப்பா கேக்குறார்.

இதுக்கான பதில் பாதி அவர் தொழில்லயே இருக்கு. ஏலக்காயை ஒரே நாள்ல பறிச்சு முடிக்க முடியாது. சில வாரத்துக்கு ஒரு தடவை பறிச்சு, காயவச்சு, போடிநாயக்கனூர் ஏலத்துக்கோ புத்தடி ஏலத்துக்கோ கொஞ்சம் கொஞ்சமா அனுப்புவாங்க. 2019 ஆகஸ்டுல கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போன சரக்கு, அப்புறம் எங்கே இறங்குச்சுன்னு அந்தப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஒரே ஏலத்துல மொத்த சரக்கையும் வித்திருந்தா, அந்த ஒரு நாள் விலைதான் வருஷ வருமானம். பல ஏலத்துல வித்தா, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு விலை. டாலர் வாங்குறதும் இதேதான். இங்கே நாம விக்கிற ஆள் இல்ல, வாங்குற ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கு போட்டுப் பாத்துடலாம். இதுக்கு 2013-ஐ எடுத்துக்குறேன், ஏன்னா ரூபாய் அந்த வருஷம் ரொம்ப ஆட்டம் காட்டுச்சு. மே மாசம் ஒரு டாலர் சராசரியா 55 ரூபாய். ஆகஸ்ட் 28 அன்னைக்கு 68-ஐத் தாண்டிடுச்சு. மூணு மாசத்துல 13 ரூபாய்!

அந்த வருஷம் ஒரு குடும்பம் ஜூன்ல இருந்து நவம்பருக்குள்ள 12,000 டாலர் அனுப்பணும்னு வச்சுக்குவோம். மாசம் 2,000 டாலர், ஆறு தவணை. மாதச் சராசரி ரேட் தோராயமா இப்படி: ஜூன் 58.4, ஜூலை 59.8, ஆகஸ்ட் 63.2, செப்டம்பர் 63.8, அக்டோபர் 61.6, நவம்பர் 62.6. ஆறையும் சேர்த்தா செலவு 7,38,800 ரூபாய்.

இப்போ துரதிர்ஷ்டத்தை உள்ளே விடுவோம். ஆகஸ்ட் தவணை சரியா 28-ஆம் தேதி விழுந்து, 68 ரூபாய்க்கு வாங்கிட்டாங்க. அந்த மாசச் சராசரியை விட 9,600 ரூபாய் கூட. மொத்தம் 7,48,400. அதே நாள்ல 12,000 டாலரையும் ஒரே தடவையில அனுப்பியிருந்தா? 8,16,000 ரூபாய். கிட்டத்தட்ட 68,000 ரூபாய் வித்தியாசம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மறுபக்கமும் சொல்லணும். ஜூன்லயே மொத்தத்தையும் அனுப்பியிருந்தா 7,00,800-லயே முடிஞ்சிருக்கும். பிரிச்சதால 47,600 ரூபாய் நஷ்டம்னும் இதைச் சொல்லலாம். அதனால, "பிரிச்சா மலிவு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிரிக்கிறதால மோசமான நாளும் கிடைக்காது, நல்ல நாளும் கிடைக்காது. நடுவுல ஒரு ரேட் கிடைக்கும். இன்னொன்னு: ரூபாய் பல வருஷமா டாலருக்கு எதிரா மெதுவா இறங்கிட்டுதான் வருது. கையில பணம் இருக்கும்போது தவணையை ரொம்ப நாள் இழுத்தா, அந்த இறக்கம் உங்க மேல விழும். ஆறு மாசம் சரி. ரெண்டு வருஷத்துக்கு இழுக்கிறது என் கணக்குல தப்பு. பணமே மாசாமாசம்தான் வருதுன்னா அது வேற கதை.

இங்கே நிறைய பேர் குழம்புற ஒரு இடம் இருக்கு. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. மாதிரி மாசம் இவ்வளவு ரூபாய்னு ஃபிக்ஸ் பண்ணிடுவாங்க. அதே 2013-ல மாசம் 1,20,000 ரூபாய்க்கு டாலர் வாங்கியிருந்தா, ஆறு மாசத்துல கிடைச்சிருக்கிறது சுமார் 11,706 டாலர். சராசரி ரேட் ஆறு பைசா குறைஞ்சிருக்கும், ஆனா ஃபீஸ்ல 294 டாலர் பாக்கி நிக்கும். காலேஜ் கேக்குறது டாலர். அதனால டாலர் அளவைச் சமமா பிரிங்க, ரூபாயை இல்ல.

அடுத்து செலவு. ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், ஜிஎஸ்டியும் சேரும். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய்னு வச்சுக்கிட்டா, ஆறு தவணைக்கு 7,200. ஒரே தடவையை விட 6,000 ரூபாய் அதிகம். 12,000 டாலருக்கு இது தாங்கும். 1,500 டாலருக்குப் பிரிக்கிறது வீண் வேலை. கூகுள்ல தெரியிற ரேட்டும் வங்கி உங்களுக்குக் கொடுக்கிற ரேட்டும் ஒன்னு இல்லங்கிறதையும் கவனிங்க. டாலருக்கு ஒரு ரூபாய் கூட வச்சு வித்தாங்கன்னா, 12,000 டாலருக்கு 12,000 ரூபாய் போயிடும். எத்தனை தவணையா பிரிச்சாலும் அது குறையாது. ரெண்டு மூணு வங்கியில அதே நாள், அதே மணி நேரத்துல ரேட் கேட்டுப் பாருங்க.

நடுவுல இருக்கிற வங்கி பிடிக்கிற காசு இன்னொரு தொல்லை. 2,000 டாலர் அனுப்பினா அங்கே 1,980 போய்ச் சேரும். ஆறு தடவையும் இப்படி நடந்தா, காலேஜ் கணக்குல 120 டாலர் பாக்கின்னு காட்டும். படிவத்துல கட்டணம் யார் ஏத்துக்குறதுன்னு கேக்குற இடத்துல `OUR`-ஐத் தேர்ந்தெடுத்தா, கட்டணம் உங்க பக்கமே வரும். முதல் தவணை முழுசா சேர்ந்துச்சான்னு பாத்துட்டுதான் ரெண்டாவதை அனுப்பணும்.

வரி விஷயத்துல ஒரு தப்புக் கணக்கு ஓடுது: "பிரிச்சா டிசிஎஸ் வராது." வரும். 2025 ஏப்ரல் 1-ல இருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரம்பு. எத்தனை தவணை, எத்தனை வங்கின்னு பாக்காம, உங்க பான் எண்ணுல எல்லாத்தையும் கூட்டிதான் பாப்பாங்க. தவணைகள் மார்ச் 31-ஐத் தாண்டிப் போனா மட்டும், ஏப்ரல்ல இருந்து புதுக் கணக்கு தொடங்கும். வங்கிக் கல்விக் கடன்ல இருந்து போற ஃபீஸுக்கு டிசிஎஸ் இல்ல. பிடிச்ச தொகையை ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். ஆனா அதுவரைக்கும் அந்தப் பணம் கையில இருக்காது.

எல்லாத்தையும் பிரிக்கவும் முடியாது. சீட்டை உறுதி செய்ய கேக்குற டெபாசிட்டை ஒரே தொகையாதான் கட்டணும். ஜெர்மனி போறவங்க பிளாக்ட் அக்கவுண்ட்ல, விசாவுக்கு முன்னாடியே, ஒரு வருஷச் செலவை முழுசா காட்டணும். சின்னமனூர் அப்பா முதல்ல செய்ய வேண்டியது, காலேஜோட ஃபீஸ் பக்கத்துல கடைசித் தேதியும், தவணைத் திட்டம் இருக்கா, அதுக்குத் தனிக் கட்டணம் உண்டாங்கிறதையும் பாக்குறது. தவணைத் திட்டம் இல்லன்னா, கடைசித் தேதிக்கு முன்னாடியே பகுதி பகுதியா வாங்கிக்குவாங்களான்னு மெயில்ல கேட்டு, பதிலை எடுத்து வச்சுக்கணும்.

இந்தத் திட்டம் எங்கே உடையும்னா, மூணாவது மாசத்துல. ரேட் ஏறியிருக்கும். "இந்த மாசம் வேணாம், அடுத்த மாசம் ரெண்டா அனுப்பிடலாம்"னு தோணும். அடுத்த மாசமும் ஏறியிருக்கும். கடைசியில நாலு தவணை கடைசி வாரத்துல ஒன்னா போகும். மறுபடி மொத்தமா ஒரே ரேட்டுல மாட்டிக்கிட்ட மாதிரிதான். ரேட் இறங்குனா எதிர்மாறா, ஆசையில எல்லாத்தையும் ஒரே நாள்ல அனுப்பத் தோணும். அதனால முதல் நாளே தேதியைக் காலண்டர்ல எழுதிடுங்க: ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி, வங்கி லீவுன்னா அடுத்த வேலை நாள். கடைசித் தவணைக்கும் காலேஜ் கெடுவுக்கும் நடுவுல பத்து நாளாவது விட்டு வைங்க. படிவத்துல ஒரு எழுத்து தப்புன்னா பணம் திரும்பி வந்து, மறுபடி அன்னைய ரேட்டுல வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும்.