கழிவு முதலில், வரி பிறகு

ரூ.999 விலைச்சீட்டுள்ள இஸ்திரிப் பெட்டிக்குக் கடையில் 10 சதவீதத் தள்ளுபடி. பில்லிங் மென்பொருள் முதலில் தள்ளுபடியைக் கழிக்கிறது: ரூ.899.10. விலைச்சீட்டுத் தொகைக்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால், இதை 1.18-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய மதிப்பு கிடைக்கும்: ரூ.761.95. அதன்மேல் மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம், தனித்தனியே ரூ.68.58.

மூன்றையும் கூட்டிப் பாருங்கள், ரூ.899.11 வரும். ஒரு பைசா எங்கிருந்து முளைத்தது? இரண்டு வரிகளையும் தனித்தனியே முழுமையாக்கியதில்தான். நல்ல மென்பொருள் இதை ‘ரவுண்ட் ஆஃப்’ வரியில் சரிக்கட்டி, ரூ.899-ஐ மட்டும் கார்டு மெஷினுக்கு அனுப்பும். மெஷினுக்கு வரிக் கணக்கு தெரியாது.

தள்ளுபடிக்கு முந்தைய விலையில் வரி போட்டிருந்தால் அது தவறு. பில்லில் வரிக்குரிய மதிப்பைப் பாருங்கள், இங்கே ரூ.846.61 என்றிருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள்.