ஒரே அடுக்கு போதுமென்றால் ஆழம் எதற்கு?

1989-இல் ஜார்ஜ் சிபென்கோ என்ற கணிதவியலாளர் ஒரு தேற்றத்தை நிறுவினார். நரம்பு வலையமைப்பில் ஒரே ஒரு மறை அடுக்கு இருந்தால் போதும். அதில் வேண்டிய அளவு நியூரான்களை வைத்தால், ஒரு வரம்புக்குள் இருக்கும் எந்தத் தொடர்ச்சியான சார்பையும் நாம் கேட்கும் துல்லியத்துக்கு நெருங்கிவிடலாம். பிறகு ஏன் அடுக்கின்மேல் அடுக்காகக் கட்டுகிறார்கள்? ‘வேண்டிய அளவு’ என்பது எவ்வளவு என்று தேற்றம் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இன்று பரவலாகப் பயன்படும் ரெலு நியூரானை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் எண் எதிர்மறையானால் பூஜ்யம் தரும். இல்லையென்றால் அதையே திருப்பித் தரும். வரைந்து பார்த்தால் ஒரே இடத்தில் முறியும் கோடு. ஓர் எண் மட்டும் உள்ளே வரும் வலையமைப்பில், ஒரே அடுக்கில் இத்தகைய கோடுகளைப் பெருக்கிக் கூட்டத்தான் முடியும். ஆகவே ஒரு நியூரானுக்கு அதிகபட்சம் ஒரு முறிவு. 1023 முறிவுகள் வேண்டுமானால் குறைந்தது 1023 நியூரான்கள் வேண்டும்.

இப்போது இரண்டே நியூரான்களால் ஒரு கூடாரம் செய்வோம்:

```
g(x) = 2·ReLU(x) − 4·ReLU(x − 0.5)
```

x பூஜ்யத்திலிருந்து 0.5-க்குப் போகும்போது g 1 வரை ஏறுகிறது. x 1-ஐ அடையும்போது மீண்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. 0.25, 0.75 இரண்டுக்கும் விடை 0.5தான். காகிதத்தை நடுவில் மடித்தால் இரு பாதிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிவதைப் போன்றது இது. மடித்த காகிதத்தில் ஒருமுறை கத்தரித்தால் வெட்டு இரண்டு இடங்களில் விழும் அல்லவா? அதேபோல், g-யின் விடையை அடுத்த அடுக்கில் உள்ள இன்னொரு g-க்குக் கொடுத்தால் இரண்டு கூடாரங்கள் கிடைக்கும். மூன்றாவது அடுக்கில் நான்கு. பத்தாவது அடுக்கில் 512 கூடாரங்கள், அதாவது 1023 முறிவுகள். செலவானவை 20 நியூரான்கள்தான். அகலத்தில் நியூரான்கள் கூடக் கூட முறிவுகள் ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. ஆழத்திலோ அடுக்குக்கு அடுக்கு இரட்டிக்கின்றன. 2015-இல் மேட்டஸ் டெல்கார்ஸ்கி ஆழத்தின் பலத்தை நிறுவியதும் இந்த ரம்பப்பல் வடிவத்தைக் கொண்டுதான். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது.

ஆனால் இந்த லாபம் எல்லாச் சார்புக்கும் கிடைக்காது. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடத்தில்தான் மடிப்பு உதவும். முறிவுகள் ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்தால் இந்த உத்தி பலிக்காது.

இன்னொன்று, வலையமைப்பு இருக்கமுடியும் என்பது வேறு, பயிற்சியில் அது கிடைப்பது வேறு. 2015-இல் கைமிங் ஹீ குழுவினர் சிஃபார்-10 படத்தொகுப்பில் சாதாரண 56 அடுக்கு வலையமைப்பையும் 20 அடுக்கு வலையமைப்பையும் ஒப்பிட்டார்கள். ஆழமானதே அதிகம் தவறியது, அதுவும் பயிற்சிக்குக் கொடுத்த படங்களிலேயே. ஓர் அடுக்குத்தொகுதிக்குள் நுழைவதை அதன் விடையோடு அப்படியே கூட்டும் குறுக்குவழியைச் சேர்த்த பிறகு, அவர்களால் வேறொரு பெரிய படத்தொகுப்பில் 152 அடுக்குகள் வரை போக முடிந்தது.

நீங்கள் அடுக்குகளைக் கூட்டும்போது பயிற்சிப் பிழையே ஏறினால், வலையமைப்பின் திறன் போதவில்லை என்று எண்ணி நியூரான்களைக் கூட்டாதீர்கள். குறுக்குவழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.