நின்றுபோன பிரஸ்ஸிலும் ஆபத்து

அம்பத்தூர், ஓசூர் வாகன உதிரிபாக ஆலைகளில் தகடு வெட்டும் பவர் பிரஸ், விரல்களைப் பறிப்பதில் பேர்போனது. அதற்கான பயிற்சி வீடியோவில் ஐந்து நிமிடச் சொற்பொழிவு எடுபடாது. ஒரே காட்சி போதும்.

டையில் தகடு சிக்குகிறது. தொழிலாளி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையை நீட்டுகிறார். படம் உறைகிறது. குரல் எச்சரிக்கிறது: "மோட்டார்தான் நின்றிருக்கிறது. ஃப்ளைவீல் இன்னும் சுற்றுகிறது. கிளட்ச் பிடித்தால் மேலே நிற்கும் ரேம் இறங்கிவிடும்."

காட்சி மீண்டும் தொடங்குகிறது, இம்முறை சரியான வரிசையில். மோட்டாரை நிறுத்து, ஃப்ளைவீல் முழுதாக நிற்கும்வரை காத்திரு. மெயின் சுவிட்சை அணைத்து உன் பூட்டைப் போடு, பெயர் அட்டையைத் தொங்கவிடு, சாவி உன் பையிலேயே இருக்கட்டும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார். இயந்திரம் அசையக் கூடாது. பிறகு ரேமுக்கும் டைக்கும் நடுவே பாதுகாப்புக் கட்டையை வை. தகட்டை இடுக்கியால் எடு. எழுத்தாளர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது, பொத்தானை அழுத்திப் பார்க்கும் படியைத்தான். தவறான சுவிட்சைப் பூட்டியிருந்தால் அது இங்கேதான் அம்பலமாகும்.

கடைசியில் வினாடி வினா. "மோட்டார் சத்தம் நின்றது. கை வைக்கலாமா?" கூடாது. "பூட்டுப் போட்டவர் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டார். பூட்டை உடைக்கலாமா?" இதில்தான் பலர் தடுமாறுவார்கள். மேற்பார்வையாளர் அவரைத் தொடர்புகொண்டு, அவர் இயந்திரத்தருகே இல்லை என்று உறுதிசெய்யாமல் தொடக் கூடாது.

எத்தனை நல்ல வீடியோவும் தடுப்புக் கவசத்துக்கு மாற்றல்ல. ஆபத்தான பாகங்களுக்குக் கவசம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது.