முக்தியாரும் சிம் கார்டும்

பனச்சமூட்டில் எல்லைக்கு இந்தப் பக்கம் ‘முக்தியார்’ என்பார்கள், அந்தப் பக்கம் ‘பவர்’ என்பார்கள். பத்திரம் ஒன்றுதான். 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. தொடங்கியது, இரண்டே மாதத்தில், நவம்பர் 1-ல், விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் எங்கள் ஊரில் ஆள் ஒரு மாநிலத்திலும் பாலிசி இன்னொரு மாநிலத்திலும் இருப்பது சகஜம். பையன்கள் வளைகுடாவுக்குப் போக ஆரம்பித்ததும் மூன்றாவது இடமும் சேர்ந்துகொண்டது.

எண்பதுகளில் என் மாமா மஸ்கட்டில் இருந்தார். லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் ஏஜென்ட் வீட்டுக்கு வருவார். மணி-பேக் தவணைக்கான டிஸ்சார்ஜ் படிவத்தில் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேல் மாமா குறுக்காகக் கையெழுத்துப் போடுவார். தேதி காலி. அந்தத் தாள் பாலிசிப் பத்திரத்தோடு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். தவணை வரும் மாதத்தில் அத்தை அதை எடுத்துத் தேதி நிரப்பிக் கொடுத்தனுப்புவாள். கொஞ்ச நாளில் மாமா பெயருக்கு செக் வரும். சட்டப்படி அத்தைக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஏஜென்டுக்குக் குடும்பத்தைத் தெரியும் என்பதுதான் அங்கே நடந்த முக்தியார்.

இப்போது பிரீமியம் போனிலேயே போய்விடுகிறது, தவணைப் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. இந்த இரண்டுக்கும் பவர் வேண்டாம். பத்திரம் தொலைந்து நகல் வாங்குவது, சரண்டர் செய்வது, ஆபீஸில் தாள் கொடுத்துக் கடன் எடுப்பது போன்ற சில காரியங்களுக்குத்தான் நேரில் ஒருவர் தேவைப்படுகிறார். அங்கேதான் என் அக்கா மாட்டிக்கொண்டாள்.

அத்தான் துபாயில். இந்தியத் துணைத்தூதரகத்தில் நேரில் போய், சாட்சிகளோடு கையெழுத்திட்டு அக்கா பெயருக்கு ஒரு பவர் அனுப்பியிருந்தார். (அமெரிக்கா போன்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்குள்ள நோட்டரியிடம் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை வாங்கி அனுப்புவதும் உண்டு.) ‘எனது சொத்துகள், வங்கிக் கணக்குகள் தொடர்பான எல்லாக் காரியங்களும்’ என்று அதில் இருந்தது. படிக்கப் பிரமாதமாக இருந்தது. சரண்டருக்குக் கொண்டுபோனபோது கவுண்டரில் இருந்த அம்மா இரண்டு முறை வாசித்துவிட்டு, “இதுல இன்ஷூரன்ஸ்னு ஒரு வார்த்தையே இல்லையே?” என்றார். அவர் சொன்னது சரி. பவர் பத்திரத்தை நீதிமன்றங்களும் இறுக்கமாகத்தான் வாசிக்கும். எழுதியிருப்பதற்கு மேல் அதிகாரம் நீளாது.

இரண்டாவது ஓட்டை பெரியது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். முத்திரைச் சட்டத்தின் 18-வது பிரிவு அது. அக்கா அதை அலமாரியில் பட்டுப் புடவைக்கு அடியில் ஏழு மாதம் பத்திரமாக வைத்திருந்தாள்.

புதிதாக எழுத வேண்டியதாயிற்று. இம்முறை பாலிசி எண்கள், சரண்டர், கடன், நகல் பத்திரம் எல்லாம் தனித்தனியாகப் பெயர் சொல்லி வந்தன. பணம் அத்தானுடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கே போக வேண்டும் என்றும் ஒரு வரி. அக்காவுக்கு அந்த வரியில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பவர் வைத்திருப்பவர் கணக்குக்குப் பணம் போனால் பிற்பாடு வரும் கேள்விகளுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் ஊரில் யாரும் நம்ப மறுப்பது வேறொன்று: எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் அதோடு முடிந்துபோகும். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அடுத்த தெருவில் ஒருவர் குவைத்தில் இறந்தபோது தம்பி தன் பவரை எடுத்துக்கொண்டு கிளெய்முக்குப் போனார். பாலிசிக்காரர் உயிரோடு இருந்தவரை எத்தனையோ கடுதாசிகளில் கையெழுத்திட்ட அதே பவர். கிளெய்ம் நாமினிக்கு உரியது; நாமினி வெளிநாட்டில் இருந்தால் அந்த நாமினிதான் புது பவர் தர வேண்டும். அந்த வீட்டில் நாமினி யார் என்று பார்த்தால் அம்மா. கல்யாணத்துக்கு முன் எழுதியது. அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன, பெயரை மாற்றும் நினைப்பு யாருக்கும் வரவில்லை. மனைவியும் பிள்ளைகளும் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து முடிக்க மாதக்கணக்காயிற்று. தம்பிக்கு அந்த பவர் இருந்த தைரியத்தில்தான் நாமினியைப் பற்றி யாரும் கேட்காமல் விட்டார்கள் என்பது என் எண்ணம்.

டிரங்குப் பெட்டி இப்போது எங்கள் வீட்டில் அரிசி வைக்க உதவுகிறது. ஆனால் அந்தக் காலிக் கையெழுத்து போகவில்லை. அத்தானின் இந்திய எண் உள்ள சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு அக்கா சமையல் மேடையில் வைத்திருக்கிறாள். பாலிசிக் கணக்கில் அத்தான் அங்கிருந்து எதைத் தட்டினாலும் ஓ.டி.பி. இங்கே வந்து கூவும். தூதரகமும் இல்லை, சாட்சியும் இல்லை, எது வரை அதிகாரம் என்று சொல்லும் வரியும் இல்லை.

போன வாரமும் வந்தது. “வந்துச்சா?” என்று வாட்ஸ்அப்பில் அத்தான். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினாள்.