கறிக்கோழி ஒப்பந்தத்தை முறையாக முடித்துக் கொள்வது எப்படி?

மதுரை திருநகரைச் சுற்றியும், திருமங்கலம் சாலையை ஒட்டிய ஊர்களிலும் கறிக்கோழிக் கொட்டகை போட்டிருப்போரில் பலர் கம்பெனியின் குஞ்சை வாங்கி வளர்த்துக் கொடுப்பவர்களே. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றைக் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், ஆள் ஆகியவை பண்ணையாளரைச் சேர்ந்தவை. பிடிக்கும்போது உள்ள உயிர் எடைக்குக் கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். சேரும்போது கம்பெனியே அச்சடித்த தாளைக் கொண்டு வந்து கையெழுத்து வாங்கிக் கொள்கிறது. விலகும்போதுதான் அந்தத் தாளைப் பண்ணையாளர் முதன்முறையாகப் படிக்கிறார்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது முன்னறிவிப்புக் காலம். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும். பேட்ச் நடுவில் முடிக்கக் கூடாது என்ற விதியும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிடாமல் கடிதம் கொடுப்பதால்தான் பலர் சிக்கிக் கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். முன்னறிவிப்பு 60 நாள். கணக்கு, கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து தொடங்கும். ஒரு பண்ணையில் ஜனவரி 5ந் தேதி 5,000 குஞ்சு விடப்படுகிறது. பிப்ரவரி 18ந் தேதி வாக்கில் கோழி பிடித்து விடுவார்கள். கொட்டகையைச் சுத்தம் செய்து 15 நாள் காயப் போட்டால், மார்ச் 5 வாக்கில் அடுத்த குஞ்சு வரும். பண்ணையாளர் இந்தப் பேட்சோடு நிறுத்திக் கொள்ள நினைத்து ஜனவரி 10ந் தேதி கடிதம் சேர்ப்பித்தால், 60வது நாள் மார்ச் 11ந் தேதியில் வந்து விழுகிறது. மார்ச் 5ந் தேதி அடுத்த குஞ்சை இறக்கக் கம்பெனிக்கு ஒப்பந்தப்படி வழி இருக்கிறது. அப்படி இறங்கினால், பேட்ச் நடுவில் முடிக்கக் கூடாது என்ற விதி ஏப்ரல் நடு வரை பண்ணையாளரை இழுத்துச் செல்லும்.

கடிதம் டிசம்பர் 20ந் தேதி சேர்ந்திருந்தால் 60வது நாள் சரியாகப் பிப்ரவரி 18. அதாவது, முந்தைய பேட்ச் பிடித்துக் கொட்டகை காலியாகக் கிடக்கும் நாட்களே கடிதம் கொடுப்பதற்கு ஏற்ற காலம். அந்த வாய்ப்பு தவறிப் போனாலும் ஒரு வழி உண்டு. இரு தரப்பும் சம்மதித்தால் காலத்தைக் குறைத்துக் கொள்ளலாம். ஆனால் சூப்பர்வைசர் வாயால் சொன்ன 'சரி' போதாது. அதைக் கம்பெனி எழுத்தில் தர வேண்டும்.

கடிதத்தில் குறைகளை அடுக்காமல் இருப்பது நல்லது. குஞ்சு தரமில்லை, தீவனம் கெட்டது, அதனால் இன்றே ஒப்பந்தத்தை முடிக்கிறேன் என்று எழுதினால், அந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில் வந்து விழும். நிரூபிக்க முடியாமற் போனால், முன்னறிவிப்பின்றி விலகியவர் என்ற பழியும் இழப்பீட்டுக் கோரிக்கையும் வரக்கூடும். முன்னறிவிப்பு கொடுத்து விலகுவதற்கு ஒப்பந்தம் இடம் தந்தால் காரணமே சொல்லத் தேவையில்லை. குறைகள் உண்மையானால், ஆதாரத்துடன் தனிக் கடிதமாக எழுதலாம். விலகல் கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, தங்கள் நிறுவனத்துடன் ............ தேதியில் செய்து கொண்ட கறிக்கோழி வளர்ப்பு ஒப்பந்தத்தின் ........ ஆம் பிரிவுப்படி 60 நாள் முன்னறிவிப்பு இதன் மூலம் தருகிறேன். இக்கடிதம் தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கிட்டு ஒப்பந்தம் முடிவடையும். அதுவரை என் பொறுப்பில் உள்ள கோழிகளை ஒப்பந்தப்படி பராமரிப்பேன். முன்னறிவிப்புக் காலம் முடிந்த பின்னர் புதுக் குஞ்சு இறக்க வேண்டாம். கடைசிப் பேட்ச் பிடித்த பின் கணக்கு முடித்து, வளர்ப்புக் கூலி பாக்கியையும், முன்பணத்தையும், நான் கொடுத்த ........ முதல் ........ வரை எண்ணுள்ள காசோலைகளையும் திருப்பித் தரக் கோருகிறேன்."

இதை ஒப்பந்தத்தில் கண்ட முகவரிக்கே அனுப்ப வேண்டும். 2025ஆம் ஆண்டில் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டு விட்டதால், விரைவுத் தபாலிலேயே உரியவர் கையெழுத்துடன் சேர்ப்பிக்கும்படி கேட்டு, சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வைத்துக் கொள்ளலாம். கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் பெறுவது அவசியம். 60 நாள் எந்த நாளில் தொடங்கியது என்பதற்குப் பிறகு இந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி.

கடிதம் கொடுத்தவுடன் கவனம் குறைந்து விடுவதும் உண்டு. கொட்டகையில் நிற்கும் கோழிகள் கம்பெனியுடையவை. பண்ணையாளர் அவற்றை ஒப்படைப்பாக வைத்திருப்பவர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151வது பிரிவு, தன் சொந்தப் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக் கொள்வாரோ அப்படிப் பார்க்க வேண்டும் என்கிறது. எனவே கடைசிப் பேட்சில் தினச் சாவு, தீவனம், மருந்து ஆகியவற்றை அட்டையில் வழக்கத்தைவிடக் கருத்தாகக் குறித்து, சூப்பர்வைசரிடம் வாரா வாரம் கையெழுத்து வாங்க வேண்டும்.

கூலி பாக்கிக்காகக் கோழியைப் பிடிக்க விடாமல் நிறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உழைப்பைச் செலுத்தியவர் கூலி கிடைக்கும்வரை பொருளை வைத்துக் கொள்ள அதே சட்டத்தின் 170வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அந்த உரிமை இல்லை. அச்சடித்த தாள்களில் அப்படி எழுதியிருப்பதை எதிர்பார்க்கலாம். அது இல்லையென்றாலும் 44 நாள் ஆன கோழி மூட்டையில் கட்டிய நெல் அல்ல. ஒவ்வொரு நாளும் தீவனம் தின்னும், வெயிலில் சாகும். அந்த நஷ்டம் யார் கணக்கில் ஏறும் என்பதே புதுத் தகராறாகி விடும்.

கணக்கு முடிப்பில் ஏமாறுவது பெரும்பாலும் மீதித் தீவனத்தில்தான். மேற்சொன்ன பண்ணைக்கு 50 கிலோ மூட்டை 312 வந்திருக்கிறது. அதாவது 15,600 கிலோ. 200 கோழி செத்து, 4,800 கோழி சராசரி 2 கிலோ வீதம் 9,600 கிலோ எடை பிடித்தாயிற்று. மீதி 5 மூட்டையை லாரியில் ஏற்றி அனுப்பியதற்கு ரசீது இருந்தால், தின்ற தீவனம் 15,350 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.60 கிலோ தீவனம். ரசீது இல்லாமல் அந்த 5 மூட்டையும் தின்றதாகக் கணக்கெழுதினால் அது 1.625 ஆகிறது. இந்தக் கணக்கை வைத்துத்தான் பல கம்பெனிகள் கூலியை ஏற்றி இறக்குகின்றன. காலிச் சாக்கு, மிச்ச மருந்து, கம்பெனி கொடுத்த பாத்திரங்கள் ஆகியவற்றுக்கும் எண்ணி ரசீது வாங்க வேண்டும். கூண்டின் வெறும் எடையைக் கழிக்கும்போது தராசருகே நிற்பதும் பண்ணையாளர் வேலையே.

தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகள்தான் இதில் மிக ஆபத்தானவை. வங்கிக்குப் போய்ப் பணம் தராதே என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கி இருப்பதாகக் கம்பெனி சொல்லி, காசோலை திரும்பினால் 1881ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 138வது பிரிவில் வழக்கு வரலாம்; வங்கிக்குக் கொடுத்த தடை மட்டும் அதைத் தடுக்காது. அப்போது பண்ணையாளருக்குத் துணை வருபவை, எண் குறிப்பிட்டுக் காசோலையைத் திருப்பிக் கேட்ட கடிதமும், பாக்கி இல்லை என்று காட்டும் ரசீதுகளுமே. கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீசு வந்தால் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது. காசோலை நோட்டீசு கிடைத்து 15 நாளுக்குள் பணம் செலுத்தாவிட்டால் வழக்குத் தொடர வழி பிறக்கிறது. பாக்கி இல்லையென்றால் அதே 15 நாளுக்குள் மறுப்பை எழுத்தில் அனுப்பி விடுவது நல்லது.

முன்கூட்டி விலகினால் இவ்வளவு ரூபாய் அபராதம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். 74வது பிரிவின்படி, அந்தத் தொகை உச்ச வரம்பே தவிர அப்படியே கிடைக்கும் உரிமையல்ல. நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும். எல்லாம் முடிந்த பின், இரு தரப்புக்கும் பாக்கி இல்லை என்ற சீட்டைக் கம்பெனி முத்திரையுடன் வாங்கும் வரை, அடுத்த கம்பெனியின் குஞ்சைக் கொட்டகையில் இறக்காமல் இருப்பது நல்லது.