'வயது வரம்பில்லை' என்றால் போதுமா?

விஜயதசமி நெருங்கினால் பரதநாட்டிய வகுப்பு நோட்டீஸ்கள் வாட்ஸ்ஆப்பில் வரிசை கட்டும். 'வயது வரம்பில்லை, முன் அனுபவம் தேவையில்லை' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எட்டாவது படிக்கும் பெண்ணை முதன்முதலாகச் சேர்க்க நினைக்கும் அம்மாவுக்கு இதனால் தைரியம் வந்துவிடாது. சேர்த்துக்கொள்வார்கள் என்று அவருக்கே தெரியும். சேர்த்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் கவலை.

ஆறு வயதுக் குழந்தைகளோடு நிற்க வைத்துவிட்டால்? கூச்சத்திலேயே பெண் நின்றுவிடுவாள். கூச்சம் மட்டுமல்ல, கற்கும் விதமும் வேறு. சின்னக் குழந்தை டீச்சரைப் பார்த்து அப்படியே செய்யும். தட்டடவை மூன்று காலத்திலும் தாளம் தப்பாமல் தட்ட அதற்கு நாளாகும். 13 வயதுப் பெண்ணுக்குக் கணக்கு சீக்கிரம் பிடிபடும், உடம்புதான் மெதுவாக வளையும். '12 வயதுக்கு மேல் புதிதாகச் சேர்வோருக்குத் தனி வகுப்பு, சனிக்கிழமை மாலை' என்று போட்டால் அந்த அம்மா அன்றே போன் செய்வார்.

சிலர் ருக்மிணி தேவியைத் துணைக்கு அழைப்பார்கள். 1904இல் பிறந்தவர், 1935இல் அடையாற்றில் மேடையேறினார் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே பாலே பயின்றவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பாதிக் கதையைச் சொல்லி ஆசை காட்டுவதும் 'ஒரே வருடத்தில் அரங்கேற்றம்' என்பதும் எனக்கு ஒன்றுதான். 'முதலில் அடவுகள், அவை நின்ற பிறகே அலாரிப்பு. அரங்கேற்றம் கட்டாயமில்லை' என்று எழுதுகிற டீச்சரை நம்பலாம். பக்கவாத்தியம், ஆடை, மண்டபம் என்று அரங்கேற்றச் செலவை நினைத்தே தயங்கும் வீடுகளுக்கு அந்தக் கடைசி வார்த்தை பெரிய நிம்மதி.

முட்டி வலி வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நோட்டீஸில்தான் பதில் இருப்பதில்லை. அரைமண்டியில் கால் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். இடுப்பு எவ்வளவு திறக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தாமதமாகத் தொடங்குபவர்களுக்கு அது பெரும்பாலும் குறைவு. அந்தக் குறையை மறைக்கப் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் அகட்டினால், முட்டி முன்பக்கம் பார்த்தபடி முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையிலேயே வெறும் சிமென்ட் தரையில் ஓங்கித் தட்டினால் வலிக்கத்தான் செய்யும். 'அரைமண்டி அவரவர் உடம்புக்கு ஏற்பப் படிப்படியாக' என்ற வரி இதற்குத்தான் வேண்டும்.

'முதல் வகுப்பைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாம்' என்று ஒரு வரியும் இருந்தால், போய் எதிரில் உட்காருங்கள். பிள்ளைகள் அரைமண்டியில் இருக்கும்போது முட்டியும் கால்விரலும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். பார்க்காத பிள்ளையிடம் டீச்சர் 'இன்னும் உட்கார்' என்கிறாரா, பாதத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பி நிற்கச் சொல்கிறாரா என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.